ஒரே எண்ணுக்குள் திருத்தமும்

மருத்துவக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது, சில குறிப்புகளின் கடைசியில் வரும் Erratum in: என்ற சிறு தொடர். அதையடுத்துத் திருத்தம் வந்த இதழ், தேதி, தொகுதி, பக்கம் இருக்கும். திருத்தத்துக்குப் பட்டியலில் தனி எண் கிடையாது; மூலக் கட்டுரையின் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் கட்டுரையைத் தேடி வருகிறவர் கண்ணில் திருத்தமும் பட்டுவிடும்.

2020 மே 22 அன்று லான்செட் வெளியிட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆய்வைப் பாருங்கள். ஆசிய மருத்துவமனை ஒன்று ஆஸ்திரேலியக் கணக்கில் சேர்ந்துவிட்டதாக அந்த மாத இறுதியில் திருத்தம் வந்தது. ஜூன் தொடக்கத்தில், தரவின் நம்பகத்தன்மை குறித்த கவலைக் குறிப்பு வந்தது. சில நாட்களில் ஆய்வே திரும்பப் பெறப்பட்டது. பப்மெட் பதிவில் இவை மூன்றும் மூலக் கட்டுரையோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. பட்டியலில் முதல் திருத்தத்தை மட்டும் சேர்த்து நிறுத்தினால், ஒரு பிழை சரியாகிவிட்டது, மற்றதெல்லாம் நம்பத்தக்கது என்று வாசகர் நினைத்துவிடுவார்.

கட்டுரையைச் சேமித்த நாளுக்குப் பின் வந்த திருத்தம் உங்கள் கோப்பில் இருக்காது. அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு குறிப்பையும் பப்மெடில் மறுபடி தேடிப் பாருங்கள்.