கணக்கில் வராத கடைசி ட்ரிப்

மின் ஆட்டோவுக்கு ஆசிட் பேட்டரியே போதும் என்கிற வாதம் கொஞ்ச காலம் ஓய்ந்திருந்தது. இப்போது மறுபடியும் கிளம்பியிருக்கிறது. 2019 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டம் ஈய பேட்டரி வண்டிகளுக்கு மானியம் இல்லை என்றது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டமும் அதையே சொன்னது. ஆனால் மூன்று சக்கர வண்டிக்கு யூனிட்டுக்கு 10,000 ரூபாய் என்றிருந்த மானியம் 5,000 ஆகி, 2,500 ஆகத் தேய்ந்தது. மானியம் தேயத் தேய, "இனி லித்தியத்துக்கு என்ன பெருமை?" என்று கடைக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு பேட்டரி கொண்ட ஆசிட் செட் 45,000 ரூபாய், ஆயுள் 14 மாதம். பழசைத் திருப்பிக் கொடுத்தால் 12,000 கழிவு. மூன்று வருடத்தில் மூன்று செட் வாங்கினாலும் 1,11,000தான். லித்தியம் ஒரே தடவை 90,000. கூடுதலாகப் போடும் 45,000க்கு மூன்று வருட வட்டி 15,000 சேர்த்தால் 1,05,000. ஆக இரண்டும் ஒன்றுதான், கையைக் கடிக்காததை வாங்கு என்பது முடிவு. தொகைகள் கடைக்குக் கடை மாறும். கணக்கின் வடிவம் மாறுவதில்லை.

இந்தக் கூட்டலில் பிழை இல்லை. ஈயத்தின் நல்ல குணங்களையும் ஒப்புக்கொண்டுவிடலாம். செத்துப்போன ஈய பேட்டரிக்கும் விலை உண்டு. காயலான் கடைக்காரர் எடை போட்டுப் பணம் தருவார். சாத்தான்குளத்திலோ திருச்செந்தூரிலோ அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். கொஞ்சம் கூடுதலாக சார்ஜ் ஏற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். எடையில் மட்டும் அது தோற்கும். 130 ஏஎச் பேட்டரி ஒன்று 33 கிலோ அளவில் வரும். நான்கும் சேர்ந்தால் 130 கிலோ. அதே வேலைக்கு லித்தியம் 45 கிலோ. மிச்சமாகும் 85 கிலோ, ஒன்றரை ஆள் எடை. மேடு இல்லாத நம் கடற்கரைச் சாலையில் இது மின்செலவைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும், பின் டயருக்கும் ஆக்ஸிலுக்கும் நல்லது. கருப்பட்டிச் சிப்பம் ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் நல்லது. எடைக்காக மட்டும் யாரும் இரண்டு மடங்கு விலை கொடுக்க மாட்டார்கள் என்பதும் சரிதான்.

என் ஆட்சேபம் வேறு. மேலே சொன்ன கணக்கு பேட்டரியின் விலையைக் கூட்டுகிறது, வண்டியின் வருமானத்தைக் கூட்டுவதில்லை. இரண்டு பேட்டரியும் தினமும் ஒரே அளவு ஓடும் என்று எடுத்துக்கொண்டுதான் அது தொடங்குகிறது. ஷேர் ஆட்டோ ஓட்டத்தில் அது நடக்காது.

உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினத்துக்கு ஓடும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓட வேண்டிய, நான்கு பேர் உட்காரும் இ-ரிக்‌ஷா வகை. (15 கிலோமீட்டர் அளவுள்ள திருச்செந்தூர் ஓட்டத்துக்கு இந்த வேகம் உதவாது.) போய்வர 12 கிலோமீட்டர் என்று வைப்போம். ஒரு நாளில் ஆறு ட்ரிப்புக்கு ஆள் இருக்கிறது, அதாவது 72 கிலோமீட்டர்.

ஆசிட் பேட்டரியின் மேல் 130 ஏஎச் என்று எழுதியிருக்கிறது. அது பெரும்பாலும் 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. ஆட்டோ அப்படி இறக்காது. நாலைந்து மணி நேர ஓட்டத்தில் உறிஞ்சிவிடும். அந்த வேகத்தில் ஈயம் 100 ஏஎச்சைத்தான் தரும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் விட வேண்டும், இல்லையென்றால் ஆயுள் போய்விடும். மிஞ்சுவது 80 ஏஎச். 48 வோல்ட்டால் பெருக்கினால் 3.8 யூனிட். கிலோமீட்டருக்கு 60 வாட்-மணி செலவு என்றால் 63 கிலோமீட்டர். புத்தம் புதிதாக இருக்கும்போதே ஐந்து ட்ரிப்தான்.

லித்தியத்தில் இந்த வண்டிகளுக்கு ஏற்றது இரும்பு பாஸ்பேட் வகை. 16 செல் வரிசையாகச் சேர்ந்து 51.2 வோல்ட், 100 ஏஎச். வேகமாக இறக்கினாலும் அளவு பெரிதாகக் குறையாது. பத்தில் ஒரு பங்கை விட்டுவைத்தாலும் 4.6 யூனிட் கிடைக்கும். எடை குறைந்ததால் செலவும் குறைந்து 80 கிலோமீட்டரைத் தாண்டும். ஆறு ட்ரிப்பும் முடிந்து வீட்டுக்குப் போகவும் மின்சாரம் மிஞ்சும். எழுத்தில் 100 என்றிருப்பது 130ஐ வெல்வது இப்படித்தான்.

இது முதல் மாதக் கதை. ஈய பேட்டரி மின்சாரத்தை இறக்கும்போது அதன் இரண்டு வகை பிளேட்டிலும் ஈய சல்பேட் நுண்ணிய படிகமாகப் படிகிறது. முழுதாக சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். முக்கால் சார்ஜோடு நிறுத்தினால் கரையாமல் கிடந்தது தடிக்கும். தடித்த படிகம் பிறகு எந்த சார்ஜுக்கும் மசியாது. அந்த அளவு பிளேட் செத்தது செத்ததுதான்.

முழு சார்ஜ் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும்? முதல் 80 சதவீதம் ஐந்தாறு மணி நேரத்தில் ஏறிவிடும். அதன்பின் பேட்டரியே மின்னோட்டத்தை வாங்க மறுக்கும். கடைசி 20 சதவீதத்துக்கு இன்னும் மூன்று நான்கு மணி நேரம். ஆக எட்டு முதல் பத்து மணி நேரம் சார்ஜரில் கிடக்க வேண்டும். இரவு பத்து மணிக்குச் சொருகி, காலை ஐந்து மணிக்கு முதல் ட்ரிப்புக்கு எடுக்கிறவருக்கு ஏழு மணி நேரம்தான் கிடைக்கிறது. இடையில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் ஆறு. ஷேர் ஆட்டோ ஓட்டுவதே இப்படித்தான். பேட்டரியை யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லை. அந்த வேலையின் நேரமே ஈயத்துக்கு ஒத்துவரவில்லை. வாரம் ஒரு நாள் வண்டியை நிறுத்தி 12 மணி நேரம் சார்ஜ் போடுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. கூலி கிடைக்கும் நாளை யார் விடுவார்கள்?

விளைவு மெதுவாக வரும், அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது. நான்கு பேட்டரியும் ஒரே சங்கிலி. ஒன்று தளர்ந்தால் நான்கும் தளரும். நான்கு பேரை ஏற்றி ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது மல்டிமீட்டரை ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள்: மூன்று 11.8 காட்டும், ஒன்று மட்டும் 10.6க்கு விழும். ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்த பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டால் நல்ல செல் 1260, 1270 காட்டும். சீக்குப் பிடித்தது 1180லேயே நிற்கும். அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது இங்கே வழக்கம். புதியது வந்ததும் இரண்டு வாரம் வண்டி பறக்கும். பழைய மூன்றும் தங்கள் பலவீனத்தை அதன்மேல் சுமத்த, அதுவும் நாலைந்து மாதத்தில் அவர்களோடு சேர்ந்துவிடும்.

இதில் நம் ஊர்த் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. ஆசிட் பேட்டரிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். கேன் தீர்ந்துபோன அன்று போர் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறிக்கொண்டிருப்பது தெரிந்த கதை. அந்த உப்பு பிளேட்டை அரிக்கும். வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

பத்தாவது மாதம் பேட்டரியின் திறன் நான்கில் மூன்றாகக் குறைந்துவிட்டது என்று வைப்போம். 63 கிலோமீட்டர் 47 ஆகும். நாலாவது ட்ரிப்பே தட்டுத்தடுமாறி வீடு சேரும். ஆள் நிற்கும் மாலை நேரத்தில் வண்டி சார்ஜரில் நிற்கும். கடைக்காரரின் பார்வையில் இந்தப் பேட்டரி இன்னும் சாகவில்லை, 14 மாதம் ஓடப்போகிறது. ஓட்டுநருக்கு அது முதல் நாளே ஒரு ட்ரிப் குறைவாகத் தொடங்கி, இரண்டு குறைவாக முடிகிறது. சராசரியாக ஒன்றே ஒன்று என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். போக வர ஆறு பேர், தலைக்கு 15 ரூபாய் என்றால் ஒரு ட்ரிப் 90 ரூபாய். வருடம் 300 நாளுக்கு 27,000. மூன்று வருடத்துக்கு 81,000. 1,11,000 என்று கூட்டிக் காட்டியவர்கள் இந்த 81,000ஐ எங்கே எழுதினார்கள்? குலசை தசராவின் பத்து நாள் கூட்டத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சொருகிக்கொள்ளலாமே என்பார்கள். சொருகலாம். 15 ஆம்பியர் சார்ஜரில் இரண்டு மணி நேரம் வைத்தால் நஷ்டம் போக ஒன்றரை ட்ரிப்புக்குத் தேறும். பேட்டரி புதிதாக இருக்கும்வரை அது ஓட்டையை அடைக்கும்தான். ஆனால் ரோட்டிலிருந்து சூடாக வந்த பேட்டரியை உச்சி வெயிலில் சார்ஜ் செய்தால் தண்ணீர் வேகமாகக் காயும், ஆயுள் இன்னும் சுருங்கும். அதே இரண்டு மணி நேரத்தை 30 ஆம்பியர் சார்ஜரில் லித்தியத்துக்குக் கொடுத்தால் நான்கு ட்ரிப்புக்கு ஏறும், அரைகுறையாக நிறுத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. முழுதாக ஏற்ற வேண்டும் என்ற கட்டாயமே அதற்கு இல்லை. ஷேர் ஆட்டோவுக்கு வேண்டியது இந்த ஒரு குணம்தான்.

லித்தியத்துக்குக் குறை இல்லையா? உண்டு. பி.எம்.எஸ். பழுதானால் முன்னறிவிப்பில்லாமல் நடுரோட்டில் நிற்கும். உப்புக்காற்று கனெக்டரைப் பச்சையாக்கும். வருடம் ஒருமுறை சுத்தம் செய்யத்தான் வேண்டும். எங்கோ அடைத்த பழைய செல்லைப் புதிய பெட்டியில் வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிட் பேட்டரியின் பழைய சார்ஜரையே லித்தியத்துக்கு மாட்டிவிட்டு, பிறகு லித்தியத்தைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இவை வாங்கும் நாளில் விழிப்பாக இருந்தால் தப்பக்கூடிய குறைகள்: இரும்பு பாஸ்பேட் வகைதானா, மூன்று வருட வாரண்டி எழுத்தில் இருக்கிறதா, அதற்குரிய சார்ஜரோடு வருகிறதா, வண்டியின் அங்கீகாரத்தில் இந்தப் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஈயத்தின் குறையிலிருந்து எந்த விழிப்பாலும் தப்ப முடியாது. நாளுக்கு 40 கிலோமீட்டருக்குள் ஓட்டி, மாலை ஏழு மணிக்கே வண்டியைச் சொருகிவிடும் பள்ளிக்கூட வண்டிக்காரர் ஆசிட் பேட்டரியை வாங்கிக்கொள்ளட்டும். ஸ்டாண்டில் வரிசையில் நின்று ஓட்டுகிறவருக்கு அதைப் பரிந்துரைப்பது அவர் வருமானத்தில் கைவைப்பது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரர் எழுதித் தரும் விலைச் சீட்டின் பின்பக்கத்தில், பேட்டரியின் ஐந்து மணி நேர ஏஎச் எவ்வளவு என்றும், பத்தாவது மாதத்தில் நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றும் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.