தோலால் தின்னும் புழு

நாடாப்புழுவின் உணவூட்டத்தைக் கேட்டால் மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒன்றுதான். "நாடாப்புழுவுக்கு வாயும் குடலும் இல்லை. விருந்தோம்பியின் குடலில் செரித்த உணவு அதன் உடற்பரப்பு வழியே பரவல் மூலம் உள்ளே செல்கிறது. உருளைப்புழுவின் மேல் கெட்டியான கியூட்டிக்கிள் இருப்பதால் அது வாயால் உண்கிறது." மூன்று வாக்கியங்கள். பாதி மதிப்பெண் உறுதி.

இந்த விடையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அடிப்படை உண்மையை அது சரியாகப் பிடித்திருக்கிறது. நாடாப்புழுவுக்கு வளர்ச்சியின் எந்தப் பருவத்திலும் குடல் இல்லை. உள்ளே போகும் உணவு முழுவதும் மேற்பரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். உடல் தட்டையாக இருப்பதால், உறிஞ்சிய பொருள் உள்ளிருக்கும் எந்தச் செல்லையும் அடைய அதிக தூரம் கடக்க வேண்டியதில்லை. இரத்த ஓட்ட மண்டலம் இல்லாமலே காலம் தள்ளுவது அதனால்தான். இவற்றை எழுதும் மாணவர் பாடத்தைப் படித்திருக்கிறார். கோளாறு "பரவல்" என்ற சொல்லிலும் "இருப்பதால்" என்ற காரணத்திலும் இருக்கிறது.

முதலில் பரவல். இதைச் சோதிக்க ஆய்வகங்களில் அதிகம் பயன்பட்டது எலியின் நாடாப்புழுவான ஹைமெனோலெபிஸ் டிமினுட்டா. எலியின் சிறுகுடலிலிருந்து புழுவை எடுத்து உப்புக் கரைசலில் கழுவுகிறார்கள். பிறகு கதிரியக்கக் கார்பன் சேர்த்த குளுக்கோஸ் கரைசலில் 2 நிமிடம் அளவுக்கு வைத்து, சட்டென்று எடுத்து அலசி, ஆல்கஹாலில் போட்டு, உள்ளே போன கதிரியக்கத்தை அளக்கிறார்கள். நேரத்தைக் குறுக்குவதில் பொருள் இருக்கிறது. புழு குளுக்கோஸை உடனுக்குடன் சிதைக்கவும் கிளைக்கோஜனாக மாற்றவும் தொடங்கிவிடும். அரைமணி நேரம் விட்டால் நாம் அளப்பது உறிஞ்சுதலையா வளர்சிதை மாற்றத்தையா என்று சொல்ல முடியாது.

எளிய பரவல் என்றால் கரைசலின் அடர்வை இரட்டிப்பாக்க, உள்ளே போவதும் இரட்டிப்பாக வேண்டும். அப்படி ஆவதில்லை. வரைகோடு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் படுத்துவிடுகிறது. கடத்தும் புரதங்கள் எல்லாம் வேலையில் இறங்கிவிட்டதற்கு அது அடையாளம். கரைசலில் கேலக்டோஸ் சேர்த்தால் குளுக்கோஸின் நுழைவு குறைகிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே புரதத்துக்குப் போட்டியிடுகின்றன. ஃபிரக்டோஸை இந்தப் புழு பெரிதாகக் கண்டுகொள்வதே இல்லை. பிளோரிசின் என்ற தடுப்பானைச் சேர்த்தாலும், கரைசலிலிருந்து சோடியத்தை நீக்கினாலும் உறிஞ்சுதல் விழுந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியில் உள்ளதைவிட அதிக அடர்வில் புழு சர்க்கரையைச் சேர்த்து வைக்கிறது. பரவலால் இது நடக்கவே நடக்காது. சோடியம் உள்ளே இறங்கும் சரிவைப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸ் ஏறுகிறது, அந்தச் சரிவைத் தக்கவைக்கப் புழு ஏடிபியைச் செலவழிக்கிறது. எலியின் சிறுகுடல் சுவர் செய்வதும் இதையேதான். ஒரே குளுக்கோஸுக்கு இரண்டு உறிஞ்சும் பரப்புகள் எதிரும் புதிருமாக நின்று போட்டியிடுகின்றன.

இப்படி வேலை செய்யும் பரப்பு உயிருள்ளதாகத்தான் இருக்க வேண்டும். 1960களில் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்த பிறகே இது ஐயமற உறுதியானது. அதுவரை அதைச் சுரந்து வைத்த உயிரற்ற போர்வை என்றே பலர் கருதினார்கள். நாடாப்புழுவின் டெகுமெண்ட், செல் எல்லைகள் இல்லாத ஒரே தொடர்ச்சியான சைட்டோபிளாசம். அதன் உட்கருக்கள் தசை அடுக்குக்குக் கீழே ஆழத்தில் கிடக்கும் செல் உடல்களில் உள்ளன. மெல்லிய இழைகள் இரண்டையும் இணைக்கின்றன. மேற்பரப்பில் மைக்ரோட்ரிக்ஸ் எனப்படும் நுண்ணிய நீட்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. அவை நம் குடலின் நுண்விரல்களைப் போன்றவைதான், ஆனால் நுனி கெட்டியானது. அதற்கும் வெளியே கிளைக்கோகேலிக்ஸ். அந்தப் பரப்பில் ஒட்டியுள்ள ஃபாஸ்ஃபடேஸ் நொதிகள் குளுக்கோஸ் ஃபாஸ்ஃபேட்டைப் பிரித்துச் சர்க்கரையை விடுவிக்கின்றன. ஆகவே "செரித்த உணவை மட்டுமே ஏற்கும்" என்பதும் முழு உண்மையல்ல, கடைசிப் படியைப் புழுவே செய்துகொள்ளும். அந்தப் பக்கமாக வரும் டிரிப்சினையும் அது செயலிழக்கச் செய்கிறது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு, தேர்வு விடைகளில் அது அநேகமாக இடம்பெறுவதில்லை. உணவைச் சேமித்து மெல்லச் செரிக்க ஓர் உள்ளறை இல்லாததால், எலி உண்ணும்போதுதான் புழுவும் உண்ண முடியும். எலியின் உணவு வேளையை ஒட்டி இந்தப் புழு சிறுகுடலில் முன்னும் பின்னும் இடம் மாறுகிறது. எலியின் தீனியில் செரிக்கத்தக்க மாவுப்பொருளைக் குறைத்தால் புழு குன்றிப்போகும். ஒரே எலியில் பல புழுக்கள் நெருங்கினால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும்.

இனி காரணத்துக்கு வருவோம். கெட்டியான கியூட்டிக்கிள் "இருப்பதால்" உருளைப்புழு தோலால் உறிஞ்சவில்லை என்றால், அது ஏன் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பாதுகாப்புக்கு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நாடாப்புழுவும் அதே குடலில், அதே நொதிகளுக்கு நடுவில், வெறும் சவ்வோடு வாழ்கிறதே! என் கணிப்பில் விடை அழுத்தத்தில் இருக்கிறது. அஸ்காரிஸுக்கு நீள்தசை உண்டு, வட்டத்தசை இல்லை. சுருங்கிய நீள்தசையை மீண்டும் நீட்டுவது உடற்குழித் திரவத்தின் அழுத்தம்தான். 1957இல் ஹாரிஸும் கிராஃப்டனும் அளந்தபோது அது சராசரியாக 70 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருந்தது. அந்த அழுத்தத்தைத் தாங்க, கொலாஜன் இழைகள் குறுக்கும் மறுக்கும் சுற்றிய கியூட்டிக்கிள் தேவை. உயிருள்ள ஹைப்போடெர்மிஸ் அதற்கு அடியில் போய்விடுகிறது. அதே அழுத்தம் மெல்லிய குடலையும் நசுக்குவதால், உணவை உள்ளே தள்ளத் தசை வலுவான தொண்டையும் தேவைப்படுகிறது. நாடாப்புழுவுக்கோ உடற்குழியே இல்லை, உள்ளே பேரங்கைமா அடைத்து நிற்கிறது. வெடித்துவிடும் அச்சமில்லாததால் உயிருள்ள சவ்வை வெளியே வைத்துக்கொள்ள அதனால் முடிகிறது.

அதற்காகக் கியூட்டிக்கிள் எதையும் விடாது என்று எழுதிவிடக் கூடாது. நீரும் சிறு மூலக்கூறுகளும் அதைக் கடக்கின்றன. லெவாமிசோல் மருந்து அஸ்காரிஸுக்குள் அந்த வழியிலும் போகிறது. யானைக்கால் புழுவின் இனத்தைச் சேர்ந்த புரூஜியா, குடல் இருந்தும் குளுக்கோஸை உடற்சுவர் வழியாக எடுக்கிறது. காளான் ஈயின் உடலுக்குள் வாழும் பிராடினீமா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அது உருளைப்புழுதான். ஆனால் ஒட்டுண்ணிப் பருவத்தில் குடலும் இல்லை, கியூட்டிக்கிளும் இல்லை, உடலின் வெளிப்புறத்தில் நுண்விரல்கள்!

பத்து மதிப்பெண் கேள்வியானால் நான் பார்க்க விரும்புவது இரண்டு குறுக்குவெட்டுப் படங்கள், அவற்றில் உயிருள்ள சவ்வு எங்கே இருக்கிறது என்ற குறியீடு, அடர்வுக்கு எதிரே படுத்துக்கொள்ளும் ஒரு வரைகோடு, பிளோரிசினும் சோடியமும் வரும் இரண்டு வரிகள், அழுத்தம் பற்றி ஒரு பத்தி. பிராடினீமாவை யாராவது எழுதினால் விதிவிலக்கு என்ற தலைப்பில் எழுதட்டும். அதை வைத்து முழு ஒப்பீட்டையும் கவிழ்க்கப் பார்த்தால் மதிப்பெண் குறையும்.