மூன்று கட்டங்களுக்குள் அடங்காத பிழை

மொழிபெயர்ப்புப் பயிற்சித் தாள்களைத் திருத்துகிறவர்கள் பலர் மதிப்பெண்ணை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 20 மதிப்பெண் என்றால் பொருள் துல்லியத்துக்கு 10, நடைப் பொருத்தத்துக்கு 5, தமிழின் இயல்புக்கு 5. இந்தப் பிரிவினையில் நன்மை உண்டு. 'சரளமாக இல்லை' என்று ஓரத்தில் எழுதிவிட்டு 12 போடுவதைவிட, எங்கே சறுக்கினோம் என்பது மாணவருக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் கட்டங்களை மட்டும் நம்பித் திருத்தினால் இரண்டு இடங்களில் நீதி தவறுகிறது.

வகுப்பில் நான் அடிக்கடி கொடுக்கும் ஒரு பயிற்சி, வங்கி அறிவிப்பு. வாடிக்கையாளர்கள் மார்ச் 31 அன்றோ அதற்கு முன்போ அடையாளச் சான்றின் நகலைத் தர வேண்டும். தராவிட்டால் கணக்கு 'மே பி ஃப்ரோஸன்' என்கிறது ஆங்கில மூலம். ஒரு மாணவி இப்படி எழுதினார்: "மார்ச் 31 அன்றோ அதற்கு முன்னரோ அடையாளச் சான்றின் நகலைச் சமர்ப்பிக்குமாறு வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தவறினால் கணக்கு உறையவைக்கப்படலாம்." இன்னொரு மாணவர் எழுதியது: "மார்ச் 31ஆம் தேதிக்குள் அடையாளச் சான்றின் நகலைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கணக்கை முடக்கிவிடுவோம்."

முதல் தாளில் 'உறையவைக்கப்படலாம்' என்ற சொல் மூன்று கட்டங்களிலும் அடி வாங்கும். பொருள் பிசகியது என்று ஒன்று, வங்கி நடையில் இல்லை என்று ஒன்று, தமிழாக ஒலிக்கவில்லை என்று ஒன்று. ஆனால் காரணம் ஒன்றுதான்: கணக்கை 'முடக்குவது' என்ற வழக்கு அவருக்குத் தெரியவில்லை. ஒரு அறியாமைக்கு மூன்று முறை கழிப்பதுதான் முதல் அநீதி. காரணத்தைக் கண்டுபிடித்து, அது அதிகம் பாதிக்கும் இடத்தில் ஒருமுறை மட்டும் கழிக்க வேண்டும்.

இரண்டாம் தாளில் நிலைமை தலைகீழ். படித்தால் எங்கும் தடுக்காது. ஆனால் 'முடக்கிவிடுவோம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. மூலத்தில் இருந்தது வாய்ப்பு. தமிழில் அது உறுதியாகிவிட்டது. '-லாம்' போனது பொருள் பிழை. 'விடு' என்ற துணைவினையும் 'ஓம்' விகுதியும் சேர்ந்து அறிவிப்பை மிரட்டலாக மாற்றியது நடைப் பிழை. காரணங்கள் இரண்டு என்பதால் இங்கே இரண்டு முறை கழிப்பது சரியே.

இயல்புக் கட்டத்தில்தான் திருத்துகிறவரின் சொந்த விருப்பம் அதிகம் நுழைகிறது. முதல் தாளின் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பதைச் செயப்பாட்டு வினை, ஆங்கில வாடை என்று அடிக்கோடிடுபவர்கள் உண்டு. அரசு, வங்கி அறிவிப்புகளில் அது நெடுநாள் வழக்கு. அந்த நடையில் அது குற்றமில்லை. அதையே சிறுகதையில் ஒரு பாட்டி பேசினால் குற்றம். 'அன்றோ அதற்கு முன்னரோ' மட்டும் உண்மையிலேயே ஆங்கிலக் கட்டுமானம். 'தேதிக்குள்' என்றாலே அந்த நாளும் அடங்கும் என்றுதான் நம் வழக்கில் புரிந்துகொள்கிறோம். எனவே இயல்பு என்பதைத் தனியாக அளக்க முடியாது; எந்த நடைக்கு இயல்பு என்று கேட்டுத்தான் அளக்க வேண்டும்.

இரண்டாவது அநீதி, கட்டங்களின் நிலையான எடை. இரண்டாம் மாணவருக்குப் பொருளில் 2, நடையில் 2 கழித்தாலும் 16 வந்துவிடும். ஆனால் அந்த அறிவிப்பைப் படிக்கும் வாடிக்கையாளர், ஏப்ரல் முதல் நாளே பணம் எடுக்க முடியாது என்று கலங்குவார். அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு நெடுங்காலமாக இதை வேறு விதமாகக் கையாண்டது: பிழையின் விளைவைப் பொறுத்து 1, 2, 4, 8, 16 என்று புள்ளிகள்; மொத்தம் 18 ஆனால் தோல்வி. விளைவை எடைபோடும் அந்த முறையை வகுப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம். அதன் குறை, பிழையை எண்ணுவதிலேயே கவனம் போய், நல்ல தீர்வு கண்ணில் படாமல் போவது. 'கொடுத்துவிடுங்கள்' அறிவிப்புக்குச் சற்றே தளர்வுதான். ஆனாலும் 'தேதிக்குள்' என்று சுருக்கமாக முடித்த மாணவரின் மொழியுணர்வுக்குத் தாளின் ஓரத்தில் ஒரு பாராட்டுக் குறி சேர வேண்டும்.

நான் இப்போது இருமுறை படிக்கிறேன். முதலில் மூலத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும். தடுக்கும் இடங்களில் பென்சில் கோடு. மூலத்தை முதலில் படித்துவிட்டால், தமிழில் இல்லாத பொருளையும் மனம் தானே நிரப்பிவிடும். பிறகு மூலத்தோடு வரிவரியாக. முதல் வாசிப்பில் இரண்டாம் தாளில் கோடே விழவில்லை. இரண்டாம் வாசிப்பில்தான் '-லாம்' காணாமல் போனது தெரிந்தது. தடுக்காமல் ஓடும் தாளை இரண்டாம் முறை இன்னும் மெதுவாகப் படிக்க வேண்டும் என்று நான் கற்றது அப்படித்தான்.