பதிவாகாத என்கொயரிகள்

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி ஒரகடம் பக்கம் போனால் ரெனோ, டைம்லர் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலைகள் நிறைய உண்டு. இணைய விளம்பரம் கொடுத்து ஜெர்மனியில் ஆர்டர் தேடும் அப்படி ஒரு தொழிற்சாலையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் ஜெர்மன் விளம்பரத்துக்கு 2,70,000 ரூபாயும் இந்திய விளம்பரத்துக்கு 3,70,000 ரூபாயும் செலவாகியிருக்கிறது. விளம்பரம் வழியே வந்த என்கொயரி, ஜெர்மனியில் 27, இந்தியாவில் 74 என்கிறது கூகுள் அனலிட்டிக்ஸ். அதாவது ஒரு என்கொயரிக்கு ஜெர்மனியில் 10,000 ரூபாய், இந்தியாவில் 5,000. இதைப் பார்த்ததும் ஜெர்மன் விளம்பரத்தை நிறுத்தத்தான் தோன்றும்.

நிறுத்தினால் தவறாகிவிடும். ஐரோப்பாவில் குக்கிக்கு முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போல மறுப்பதும் எளிதாக இல்லை என்பதற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் அறிவித்தது. அதனால் ஒழுங்காக அமைத்த தளத்தில் ‘மறுக்கிறேன்’ பொத்தான் ‘ஏற்கிறேன்’ பக்கத்திலேயே இருக்கும். அதை அழுத்திய வாங்குநர் படிவத்தை நிரப்பி விலை கேட்டால், அஞ்சல் நமக்கு வந்துவிடும், ஆனால் அறிக்கையில் ஏறாது. மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அவர் மறுத்ததை விளம்பரத்தின் தோல்வியாகப் படிப்பதுதான் பிழை.

விடுபட்ட பங்கை அளக்க நம்மிடமே ஒரு ஏடு இருக்கிறது, படிவம் போய்ச் சேரும் சர்வர் பதிவு. விளம்பரம், தேடல், நேர்வரவு எல்லாம் சேர்த்து ஜெர்மனியிலிருந்து 100 படிவம் வந்து, அனலிட்டிக்ஸில் 45 மட்டும் ஏறியிருந்தால் பதிவு விகிதம் 45 சதவீதம். இந்தியாவில் 200-க்கு 185, அதாவது 92.5 சதவீதம். இப்போது 27-ஐ 0.45-ஆல் வகுத்தால் 60, 74-ஐ 0.925-ஆல் வகுத்தால் 80. ஒரு என்கொயரியின் செலவு ஜெர்மனியில் 4,500, இந்தியாவில் 4,625. இரட்டிப்பாகத் தெரிந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஒப்புதல் பட்டையே இல்லாத இந்தியாவிலும் 7.5 சதவீதம் விடுபடுவதைக் கவனியுங்கள். அது விளம்பரத் தடுப்பான்களாலும் பழுதான டேக்குகளாலும் போவது. ஜெர்மனியில் விடுபட்ட 55-ஐ முழுவதும் குக்கி மறுப்பின் தலையில் கட்டக்கூடாது.

இந்த முறையின் பலம் எளிமை. ஒப்புதல் விகிதத்தால் வகுப்பதைவிட இது மேல், ஏனென்றால் ஏற்றவரும் மறுத்தவரும் ஒரே அளவில் விலை கேட்பார்கள் என்று இது நம்புவதில்லை. பலவீனங்களும் உண்டு. சர்வர் பதிவில் ஸ்பேம் கலந்திருந்தால் விடுபட்ட பங்கு ஊதிப்போகும், ரோபோக்கள் குக்கியை ஏற்பதில்லையே. ஆகவே ஒவ்வொரு படிவத்தையும் திறந்து பார்த்து, வரைபடமோ பாகத்தின் பெயரோ உள்ளதை மட்டும் எண்ண வேண்டும். ஜெர்மன் நிறுவனத்தின் புனே கொள்முதல் அலுவலகம் எழுதியது படிவத்தில் ஜெர்மனி என்றும் அனலிட்டிக்ஸில் இந்தியா என்றும் நிற்கும். மேலும், விளம்பரத்தில் வந்தவரும் பழைய வாடிக்கையாளரும் ஒரே விகிதத்தில் மறுப்பார்கள் என்பது ஓர் ஊகமே. ‘எங்களை எப்படி அறிந்தீர்கள்’ என்று படிவத்தில் ஒரு கேள்வி வைத்தால் அந்த ஊகத்தைச் சோதிக்கலாம்.

எண்ணிக்கை சிறியது என்பதையும் மறக்கக்கூடாது. 100-க்கு 45 என்ற விகிதம் தற்செயலாகவே 35 முதல் 55 வரை அசையக்கூடியது. அதை வைத்தால் ஜெர்மன் செலவு சுமார் 3,500 முதல் 5,500 ரூபாய் வரை எங்கும் இருக்கலாம். ஜெர்மனி மலிவு என்று இதிலிருந்து சொல்ல முடியாது. நிறுத்தக் காரணமில்லை என்று மட்டும் சொல்லலாம்.

கூகுளே மாதிரிக் கணிப்பால் இடைவெளியை நிரப்பித் தருகிறது. ஆனால் அனலிட்டிக்ஸில் அதற்கு ஒப்புதல் தந்த பயனர்களே நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வேண்டும், சிறு தொழிற்சாலைத் தளத்துக்கு அது எட்டாது. கூகுள் விளம்பரக் கணக்கில் கணிப்பு ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அதை மறுபடி 0.45-ஆல் வகுப்பது இரட்டைக் கணக்கு. மறுத்தவரின் `gclid` எண்ணைப் படிவத்துக்குள் மறைத்துச் சேமிக்கும் குறுக்குவழியை நான் ஏற்கவே மாட்டேன். வந்த படிவங்களை எண்ணுவது வேறு, வேண்டாம் என்றவரைப் பின்தொடர்வது வேறு.

இந்தியாவின் 92.5-உம் நிலையானதல்ல. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, ஒப்புதல் பற்றிய முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்திருக்கின்றன. இங்கும் பட்டை வைக்கும் நாளில் அறிக்கையின் கோடு சட்டென்று இறங்கலாம். சர்வர் எண்ணிக்கை அதே நாளில் அசையாமல் இருந்தால் இறங்கியது பதிவு மட்டுமே. அதைக் கண்டுகொள்ள, பட்டை வருவதற்கு முந்தைய மாதங்களின் இரண்டு எண்ணிக்கையும் கையில் இருக்க வேண்டும்.