பெடல் பாதிக் கிணறு, செயின்தான் மீதி

சைக்கிளின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெடலுக்குத்தான் மாலை போடுகிறார்கள். கால் தரையை விட்டு மேலே வந்ததே பெரிய புரட்சி என்பது அவர்கள் வாதம். வரிசையாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. பெடல் பாதிக் கிணறுதான் தாண்டியது. சாதாரண மக்களை அக்கரை சேர்த்தது செயின்.

1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் தன் மர வண்டியை ஓட்டிக் காட்டினார். போக வர ஏறத்தாழ 14 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார். அந்த வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு சக்கரங்கள், ஓடும்போது முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால் விழாது என்று அது நிரூபித்தது. இன்றைய சைக்கிளுக்கும் அதுவே அடித்தளம். ஆனால் மேட்டில் அதை ஓட்ட முடியாது, இறங்கித் தள்ள வேண்டும். 1819இல் லண்டனில் டெனிஸ் ஜான்சன் இதைச் செம்மைப்படுத்தி விற்றபோது, வாங்கியவர்கள் வசதியான இளைஞர்கள். குண்டும் குழியுமான சாலையை விட்டு அவர்கள் நடைபாதையில் ஏறினார்கள். நடப்பவர்கள் எதிர்க்க, தடைகள் வந்தன. மோகமும் சீக்கிரம் தணிந்தது. ‘ஹாபி ஹார்ஸ்’ என்ற மரக்குதிரைப் பட்டப்பெயர் அதற்குப் பொருத்தம்தான்.

1860களில் பாரிஸில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடல் பொருத்தினார்கள். அந்தப் பெருமை மிஷோவுக்கா, லால்மொனுக்கா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. கால் தரையை விட்டது உண்மை. ஆனால் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான். 36 அங்குலச் சக்கரமென்றால் ஒரு மிதிக்கு மூன்று மீட்டர்கூட நகராது. வேகம் வேண்டுமா, சக்கரத்தைப் பெரிதாக்கு என்பதே அப்போது தெரிந்த ஒரே வழி. அப்படித்தான் 1870களில் 54 அங்குல முன்சக்கரம் கொண்ட உயர வண்டிகள் வந்தன. ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர் கிடைத்தது.

கொடுத்த விலை என்ன? ஓட்டுபவர் ஏறக்குறைய அச்சுக்கு நேர்மேலே, ஆள் உயரத்தில் உட்கார்ந்தார். சக்கரம் ஒரு கல்லில் தடுக்கினால் ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புற விழுவார். எவ்வளவு பெரிய சக்கரம் என்பதை அவரது கால் நீளமே தீர்மானித்தது. பாவாடை அணிந்த பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்த வண்டியில் இடமே இல்லை. வேகம் கூடியது, ஓட்டக்கூடியவர் குறைந்தனர்.

செயின் இந்த முடிச்சை அவிழ்த்தது. 1885இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் வண்டியில் பெடல் நடுவிலும், அதன் உந்துதல் செயின் வழியாகப் பின்சக்கரத்திலும் இருந்தது. கணக்கு எளிது. முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். அதாவது 28 அங்குலச் சக்கரம், 68 அங்குலச் சக்கரத்தின் வேலையைச் செய்யும். அவ்வளவு பெரிய சக்கரத்தை எட்டும் கால் சாதாரணமாக எவருக்கும் இல்லை. வேகம் கால் நீளத்திலிருந்து பல் எண்ணிக்கைக்கு மாறியது. உட்கார்ந்தபடியே தரையில் கால் ஊன்றவும் முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் இறங்கி உடம்பை உலுக்கும். 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் உருவாக்கிய காற்றடித்த டயர்தான் அதைச் சரிசெய்தது. செயினோ இன்றும் வண்டியின் பலவீனமான உறுப்பு. மண்ணும் துருவும் ஏறினால் கண்ணிகளுக்குள் தேய்ந்து நீளும். தொங்கும், கழன்றுவிடும், கால்சட்டையையும் சேலையையும் கவ்வும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். ஸ்கேல் வைத்து அளக்கும்போது அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் பற்களும் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இத்தனைக்குப் பிறகும் தராசு செயின் பக்கமே சாய்கிறது. நடப்பவர் ஒரு மணியில் 5 கிலோமீட்டர் போவார், சைக்கிளில் 15. தூரம் மூன்று மடங்கு. வீட்டைச் சுற்றி எட்டக்கூடிய பரப்போ ஒன்பது மடங்கு. வேலை, சந்தை, பள்ளி எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்தன. குதிரைக்குப் போல தீவனமும் லாயமும் தேவைப்படவில்லை. 1890களின் கடைசியில் விலை இறங்கியபோது ஐரோப்பியத் தொழிலாளிக்கு இது கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குக் கிடைத்தது. அவர்களில் பலர் ஓட்டிப் பழகியது பார் வைத்த ஆண்கள் சைக்கிளில். அந்த வண்டியும் ரோவரின் வாரிசுதான்: நடுவில் பெடல், பின்னால் செயின்.