சொல்லில்லாத அலை

'மிஸர்லூ' கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய பாட்டு. 1962இல் கலிஃபோர்னியாவின் டிக் டேல் அதிலிருந்து சொற்களை நீக்கி, ஒரே தந்தியை மேலும் கீழுமாக விடாமல் மீட்டினார். ஸர்ஃப் இசை என்று பெயர் பெற்ற இவ்வகைக்கு ஈரத்தைக் கொடுத்தது, 1961இல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த ரிவெர்ப் பெட்டி. கிதாரின் ஒலி அதனுள்ளிருக்கும் சுருள்கம்பிகளின் வழியே ஓடித் தாமதித்து அதிர்கிறது. சான்டேஸ் குழுவின் 'பைப்லைன்' (1963) கடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கடலாகவே ஒலிக்கப் பார்க்கிறது.

இதன் மறைவுக்கு 1964இல் பீட்டில்ஸ் அமெரிக்கா வந்ததைக் காரணமாகச் சொல்வதுண்டு. பாதி உண்மை. அதற்கு முன்பே பீச் பாய்ஸ் அலையைப் பாட்டாக்கியிருந்தார்கள். கடலைப் பார்த்திராதவனும் சேர்ந்து பாட முடிந்தது. குரல் வந்ததும் கிதார் பக்கவாத்தியமாயிற்று. எல்லோரும் அதே பெட்டியை வாங்கியதில், அனுபவமாக இருந்த ஈரம் வெறும் முத்திரையாகக் காய்ந்தது.