பல்லில் இருக்கிறது சூட்சுமம்

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் மோட்டாரையும் மூக்கையும் வியந்து பார்ப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது ஆறு மில்லிமீட்டர் அகல ரப்பர் பெல்ட். அச்சுத்தலை நொடிக்கு நொடி திசை மாறுகிறது. பழைய சரிவகப் பல் பெல்ட்டில், திரும்பும்போது பல்லுக்கும் புல்லிப் பள்ளத்துக்கும் நடுவே சிறு ஆட்டம் இருக்கும். வட்டம் அச்சிட்டால் திரும்பும் இடங்களில் தட்டையாகத் தெரியும். ஜிடி2 பெல்ட்டின் வளைந்த பல், பள்ளத்தில் அணைந்து உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பெருமளவு ஒழித்தது. அந்த வளைவுதான் என்னை மயக்குகிறது.

பனமரத்துப்பட்டியில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மெஷின் ஓட்டினால், “பெல்ட் நீண்டுபோச்சு” என்ற பேச்சு கட்டாயம் வரும். கண்ணாடி இழை ஓடும் நல்ல பெல்ட் எளிதில் நீளாது. பிஎல்ஏவில் அச்சிட்ட பெல்ட் பிடி அந்தச் சூட்டில் இழுவைக்கு மெல்ல இளகி நகர்ந்திருக்கும். முதலில் பிடியைப் பாருங்கள். ஓரம் பிசிறியிருந்தால், புல்லிக்குக் கீழே கருப்புத் தூள் கிடந்தால், உருளை சாய்ந்து பெல்ட் விளிம்பில் உரசுகிறது என்று பொருள். அதை நேராக்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் பிசிறும்.

வாங்கும்போது ஏமாற்றுவது பிட்ச், அதாவது ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடு வரையான தூரம். ஜிடி2வில் இது 2 மி.மீ. எம்எக்ஸ்எல் பெல்ட்டில் 2.032. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்கேலில் வைத்து 50 பல் இடைவெளி அளந்தால் ஒன்று 100, மற்றது 101.6 மி.மீ. 20 பல் ஜிடி2 புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும். அதில் எம்எக்ஸ்எல் மாட்டினால் பல் சரியாக அமராது. ஓடினாலும் 100 மி.மீ. பொருள் ஒன்றரை மில்லி பெரிதாக வரும்.

அகலத்துக்குப் புல்லிப் பள்ளமே தீர்ப்பு: ஆறுக்குச் செய்த புல்லியில் ஒன்பது நுழையாது. நீளத்தைப் பற்களால் எண்ணுங்கள். பழையதில் 380 பல் என்றால் 760 மி.மீ.; இறுக்கிப் பிடிக்க இரு முனையிலும் சில பல் கூடுதலாக விட்டு வெட்டலாம். முனையில்லாத வளைய பெல்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு 20 பல் புல்லிகளின் மையங்கள் 80 மி.மீ. தள்ளியிருந்தால், இரு பக்கத்துக்கு 160, புல்லிகளைச் சுற்ற 40, ஆக 200 மி.மீ.; அதாவது 100 பல்.

மாட்டியபின் அளவாக இறுக்குங்கள். மிகையானால் மோட்டார் தண்டின் பேரிங் தேயும். புதியதை வெட்டும்வரை பழைய பெல்ட்டைக் குப்பையில் போடாதீர்கள். அதைவிட நம்பகமான அளவுகோல் கடையில் கிடைக்காது.